அறிவியலும் மதமும் ஓயாமல் மோதி வந்தனவா? கலிலியோ வழக்கை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் வரலாற்றைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கலிலியோ வழக்குக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இரு தரப்பு முழக்கங்களும் அந்த வழக்கைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன, இரண்டுமே அதை அரைகுறையாகச் சொல்கின்றன.

அறிவியலும் மதமும் பிறந்ததிலிருந்தே எதிரிகள்தானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?

இரண்டும் காலம்காலமாகப் போர் புரிந்து வந்தன என்ற கருத்து ஒரு குறிப்பிட்ட காலத்தில் உருவானது. அமெரிக்க வேதியியலாளர் ஜான் வில்லியம் டிரேப்பர் 1874-இல் மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதலின் வரலாறு என்று ஒரு நூலை வெளியிட்டார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஆண்ட்ரூ டிக்சன் வைட் 1896-இல் இதே பொருளில் இரண்டு பெரிய தொகுதிகளைக் கொண்டுவந்தார். இன்று நாம் கேட்கும் கதைகளில் பாதி இந்த இருவர் வழியாகவே பரவியவை.

இருவருக்கும் சொந்தச் சண்டை ஒன்று இருந்தது. போப் தவறிழைக்க முடியாதவர் என்று ரோம் 1870-இல் அறிவித்தது. டிரேப்பரின் கோபம் பெரும்பாலும் அந்த ரோமின் மீதே பாய்ந்தது, மற்றச் சபைகளை அவர் அவ்வளவாகத் தாக்கவில்லை. வைட் எந்தச் சபையையும் சாராத பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதற்காகக் கடவுளற்ற கல்விக்கூடம் நடத்துகிறார் என்ற வசையை வாங்கியவர். மதமே எதிரி என்று அவர் சொல்லவில்லை, பிடிவாதமான இறையியல்தான் எதிரி என்றார். மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். இருவரும் எழுதியவை எல்லாம் பொய் அல்ல. ஆனால் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளை ஒரே போரின் களங்களாக வரிசைப்படுத்தியதுதான் அவர்கள் செய்த பிழை.

பூமி தட்டை என்று திருச்சபை சொன்னது, கொலம்பஸ் அதை உடைத்தார் என்று பள்ளியிலேயே படித்தோமே?

இது தவறான தகவல். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வானியலுக்குப் பாடநூலாக இருந்தது 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய கோளம் பற்றிய நூல். பூமி உருண்டை என்பதை அது காரணங்களோடு விளக்குகிறது. தாமஸ் அக்வினாஸ், தாந்தே என எவரை எடுத்தாலும் பூமி உருண்டைதான். கொலம்பஸ் எதிர்ப்பை வென்ற கதையைப் பிரபலமாக்கியது 1828-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாறு.

கொலம்பஸுடன் அறிஞர்கள் வாதாடியது உண்மை. ஆனால் வாதம் பூமியின் அளவைப் பற்றியது. கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர்தான் என்று கொலம்பஸ் கணக்கிட்டார். உண்மைத் தூரம் ஏறத்தாழ 19,500 கிலோமீட்டர். அவருடைய கணக்கு தப்பு என்ற அறிஞர்கள்தான் சரி. இடையில் அமெரிக்கா இல்லாமல் இருந்திருந்தால் கப்பலில் இருந்த யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

கலிலியோவைச் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றார்கள், அல்லவா?

இல்லை. 1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் எரிக்கப்பட்டவர் ஜோர்டானோ புரூனோ. இருவரையும் ஒருவராக்கிவிடும் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. புரூனோமேல் இருந்த குற்றச்சாட்டுகளில் மூவொரு கடவுள், இயேசுவின் தெய்வத்தன்மை, நற்கருணை ஆகியவற்றை மறுத்தார் என்பவை முன்நின்றன. எண்ணற்ற உலகங்கள் உண்டு என்று அவர் சொன்னதும் பட்டியலில் இருந்தது. ஆகவே அவரை வானியலுக்காக உயிர்விட்டவர் என்பதும் சரியாகாது, அவருடைய அண்டக் கொள்கைக்கும் தண்டனைக்கும் தொடர்பே இல்லை என்பதும் சரியாகாது. கருத்துக்காக ஒரு மனிதனை எரித்தார்கள் என்ற கொடுமை எந்தக் கருத்து என்பதைப் பொறுத்துக் குறைந்துவிடாது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காகக் கலிலியோ 1633-இல் திருச்சபையின் விசாரணை மன்றத்தால் விசாரிக்கப்பட்டார். விசாரணையின் இறுதியில், உண்மையைச் சொல்லாவிட்டால் சித்திரவதை என்று முறைப்படி மிரட்டினார்கள். சித்திரவதை செய்ததற்குச் சான்று இல்லை. ஜூன் 22 அன்று மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாக வாசித்தார். அப்போது அவருக்கு 69 வயது. பிறகு 1642 ஜனவரியில் இறக்கும்வரை வீட்டுக்காவல். வாரம் ஒருமுறை ஏழு பாவமன்னிப்புச் சங்கீதங்களை ஓத வேண்டும் என்றும் விதித்தார்கள். கன்னியாஸ்திரியாக இருந்த அவருடைய மகள் மரியா செலஸ்தே அதைத் தான் ஓதுவதாக ஏற்றுக்கொண்டார். "ஆனாலும் அது சுழல்கிறது" என்று கலிலியோ முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் வாசகம் முதன்முதலில் அச்சில் வந்தது 1757-இல்தான்.

தொலைநோக்கியில் கண்ணெதிரே ஆதாரம் இருந்தும் ஏன் ஏற்க மறுத்தார்கள்?

தொலைநோக்கி காட்டியதை மறுத்தவர்கள் சிலரே. 1610-இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளை அறிவித்தார். மறு ஆண்டே ரோமில் இருந்த இயேசு சபைக் கல்லூரியின் கணித அறிஞர்கள், முதியவரான கிளாவியஸ் உட்பட, தாங்களும் பார்த்ததாக உறுதிசெய்தார்கள். வெள்ளிக் கோள் நிலவைப்போலப் பிறையாகவும் முழுவட்டமாகவும் மாறுவதையும் பார்த்தார்கள். பூமியை நடுவில் வைத்து மற்றவை அதைச் சுற்றுவதாகச் சொன்ன தாலமியின் பழைய அமைப்பில் வெள்ளி முழுவட்டமாகத் தெரிய வழியே இல்லை. ஆகவே அந்த அமைப்பு அன்றே விழுந்தது.

ஆனால் தாலமி விழுந்தால் சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸ் வென்றார் என்று ஆகிவிடாது. இடையில் மூன்றாவது ஒருவர் நின்றார் என்பதைத்தான் பெரும்பாலான நூல்கள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. டென்மார்க்கின் டைக்கோ பிராகே 1588-இல் முன்வைத்த அமைப்பில் பூமி அசையாமல் நிற்கும், சூரியன் பூமியைச் சுற்றும், மற்றக் கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும். இதிலும் வெள்ளி எல்லாப் பிறைகளையும் காட்டும். வியாழனின் நிலவுகளுக்கும் இதில் தடையில்லை. அதாவது, அன்றைய தொலைநோக்கியால் கோப்பர்நிக்கஸையும் டைக்கோவையும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

பிரித்துக் காட்டக்கூடியது ஒன்று இருந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால், ஜனவரியில் ஒரு முனையிலிருந்தும் ஜூலையில் எதிர்முனையிலிருந்தும் பார்க்கும்போது அருகில் உள்ள விண்மீன்களும் அப்படி இடம் மாறித் தெரிய வேண்டும். இடமாறு தோற்றம் என்று இதைச் சொல்கிறோம். டைக்கோவின் கருவிகள் பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமானவை. அவற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. விண்மீன்கள் அவ்வளவு தொலைவு என்றார்கள் கோப்பர்நிக்கஸ் தரப்பினர். அப்படியானால், கண்ணுக்குச் சிறு வட்டமாகத் தெரியும் ஒவ்வொரு விண்மீனும் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டுமே என்று டைக்கோ மடக்கினார். அந்த வட்டம் ஒளியின் இயல்பால் உண்டாகும் மாயத் தோற்றம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பூமியின் ஓட்டத்துக்கு முதல் நேரடிச் சான்றை வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி 1729-இல் வெளியிட்டார். இடமாறு தோற்றத்தை வானியலாளர் பெசல் அளந்தது 1838-இல். அது டைக்கோவின் நுட்பத்தில் இருநூறில் ஒரு பங்கு அளவே இருந்தது.

கலிலியோ தன் முக்கியச் சான்றாக நம்பியது கடலின் ஏற்றவற்றத்தை. பூமி சுழல்வதாலும் ஓடுவதாலும் கடல் தளும்புகிறது என்றார். அந்தக் கணக்குப்படி நாளுக்கு ஒருமுறைதான் கடல் ஏற வேண்டும், உண்மையில் பெரும்பாலான கரைகளில் இருமுறை ஏறுகிறது. நிலவுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பைச் சொன்ன வானியலாளர் கெப்ளரை அவர் ஏற்கவில்லை. முடிவில் கலிலியோ சரி, அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு.

ஆதாரம் போதவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் திருச்சபை நிதானமாகத்தானே நடந்துகொண்டது?

இந்த வாதம் அண்மைக்காலத்தில் அதிகமாகக் கேட்கிறது, டிரேப்பரின் கதையைவிட நயமாக ஏமாற்றக்கூடியதும் இதுதான். போதாத ஆதாரத்தை விமர்சிப்பது அறிவியல். போதாத ஆதாரம் கொண்ட கருத்தைப் பேசக்கூடாது என்று தடுப்பது வேறு வேலை.

கர்தினால் பெல்லார்மின் 1615 ஏப்ரல் 12 அன்று ஃபோஸ்கரினி என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். சூரியன் நடுவில் நிற்பது உறுதியாக நிறுவப்பட்டால் வேத வசனங்களை மிகக் கவனமாக விளக்க வேண்டியிருக்கும் என்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கடிதத்தில், ஆபிரகாமுக்கு இரண்டு மகன்களும் யாக்கோபுக்குப் பன்னிரண்டு மகன்களும் இருந்ததை மறுப்பதும் கன்னி மரியாளிடம் இயேசு பிறந்ததை மறுப்பதைப்போலவே சமயக் குற்றமான திரிபுதான், ஏனென்றால் சொன்னவர் பரிசுத்த ஆவி என்றும் எழுதுகிறார். வேதத்தில் உள்ள ஒவ்வொரு தகவலும் விசுவாசத்துக்கு உட்பட்டது என்றாகிவிட்டால், சூரியன் யோசுவாவுக்காக நின்றது என்ற வரியும் வானியல் ஆகிவிடுகிறது. அதற்குப் பின்புலம் உண்டு. சீர்திருத்தச் சபைகளோடு நடந்த போராட்டத்தில், திருச்சபைத் தந்தையர் ஒருமித்துச் சொன்ன பொருளுக்கு மாறாக வேதத்தை விளக்கக்கூடாது என்று திரெந்து நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் 1546-இல் தீர்மானித்திருந்தது.

1616 பிப்ரவரியில் பதினொரு இறையியலாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஐந்தே நாளில் பதில் வந்தது. சூரியன் அசையாது என்பது தத்துவத்தில் அபத்தம், இறையியலில் முறைப்படியான திரிபு என்றது அது. மார்ச் 5 அன்று வந்த ஆணை 'திரிபு' என்ற சொல்லைத் தவிர்த்தாலும், பூமி அசைகிறது என்பது பொய், வேதத்துக்கு முற்றிலும் முரண் என்றது. ஃபோஸ்கரினியின் நூல் தடைசெய்யப்பட்டது. 1543 முதல் விற்பனையில் இருந்த, அன்றைய போப்புக்கே காணிக்கையாக்கப்பட்ட கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. இது இயற்கையைப் பற்றிய ஒரு கூற்றின்மேல் வேதத்தின் பேரால் விழுந்த தடை. இங்கே மோதல் நடக்கவே இல்லை என்று சொல்கிறவர் இந்த ஆணையைப் படிக்கவில்லை என்றே சொல்வேன்.

1633 வழக்கு உண்மையில் போப்புக்கும் கலிலியோவுக்கும் இடையே இருந்த தனிப்பட்ட மனக்கசப்புதான் என்கிறார்களே?

மனக்கசப்பும் இருந்தது. எட்டாம் உர்பன் போப்பாவதற்கு முன்பே கலிலியோவைப் பாராட்டியவர். 1624-இல் அவரைப் பலமுறை வரவேற்றுப் பேசினார். கடவுள் ஒரே விளைவை எத்தனையோ வழிகளில் உண்டாக்கலாம், ஆகையால் எந்த அமைப்பையும் உறுதி என்று சொல்லக்கூடாது என்பது உர்பனுக்குப் பிடித்த வாதம். 1632-இல் வந்த தன் உரையாடல் நூலின் கடைசியில் கலிலியோ அதைச் சேர்த்தார். ஆனால் நூல் நெடுக வாதத்தில் தோற்கும் சிம்ப்ளிச்சியோ என்ற பாத்திரத்தின் வாயில் வைத்தார். அப்போது முப்பதாண்டுப் போரின் நெருக்கடியில், சமயத்தைக் காக்கத் தவறுகிறார் என்று ஸ்பெயின் தரப்பு கர்தினால்கள் உர்பனை வெளிப்படையாகவே சாடிக்கொண்டிருந்தார்கள். தளர்ச்சி காட்டும் நிலையில் அவர் இல்லை.

ஆனாலும் வழக்கு எதன்மேல் நின்றது என்பதை மறக்கக்கூடாது. இரண்டு தாள்கள் அங்கே எதிரெதிரே வைக்கப்பட்டன. ஒன்று, 1616-இல் பெல்லார்மின் தன் கையால் எழுதி கலிலியோவுக்குக் கொடுத்த சான்று. இந்தக் கருத்தை நம்பவோ ஆதரிக்கவோ கூடாது என்ற ஆணை அவருக்குத் தெரிவிக்கப்பட்டது, வேறொன்றுமில்லை என்கிறது அது. மற்றொன்று, விசாரணை மன்றத்தின் கோப்பில் கையொப்பம் இல்லாமல் இருந்த குறிப்பு. எவ்விதத்திலும் நம்பவோ கற்பிக்கவோ ஆதரிக்கவோ கூடாது என்று அவருக்குக் கட்டளையிடப்பட்டதாக அது சொன்னது. பெல்லார்மின் 1621-இலேயே இறந்துவிட்டார், கேட்டுத் தெளிய வழியில்லை. நூலுக்கு அச்சிட அனுமதி வாங்கியபோது கலிலியோ இந்தக் கட்டளையை மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. மன்றத்தின் ஆணையர் மகுலானோ நேரில் பேசி, பிழையை ஒப்புக்கொண்டால் இலேசாக முடிக்கலாம் என்று வழி சொன்னார், கலிலியோவும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஜூன் மாதத்தில் உர்பன் கடுமையான தீர்ப்பையே தேர்ந்தார். தீர்ப்பில் பத்து கர்தினால்களில் ஏழு பேரின் கையொப்பமே இருக்கிறது.

தனிப்பட்ட கோபம் வழக்கின் வேகத்தைக் கூட்டியது என்பது சரி. ஆனால் 1616 ஆணை இல்லாமல் இருந்திருந்தால் கோபத்துக்கு வழக்கே கிடைத்திருக்காது.

அந்தத் தடையோடு கத்தோலிக்க நாடுகளில் வானியல் செத்துப்போயிற்றா?

சாகவில்லை, காயப்பட்டது. தீர்ப்புச் செய்தி கேட்டு, ஹாலந்தில் இருந்த தத்துவ அறிஞர் தெக்கார்த் அச்சுக்குத் தயாராக வைத்திருந்த உலகம் பற்றிய நூலை நிறுத்திக்கொண்டார். இப்படி எழுதப்படாமலும் அச்சேறாமலும் போனவற்றைக் கணக்கெடுக்க முடியாது.

மறுபக்கம் போப்பின் ஆட்சிக்குள் இருந்த பொலோஞ்யா நகரில் சான் பெட்ரோனியோ தேவாலயம் இருக்கிறது. ஈஸ்டர் நாளைக் குறிக்க, வசந்தகாலச் சம இரவு நாள் துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்தத் தேவைக்காக வானியலாளர் ஜோவானி கசினி 1655-இல் தேவாலயத்தின் கூரையில், தரையிலிருந்து ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு துளையை அமைத்து, தரையில் ஏறத்தாழ 67 மீட்டர் நீளத்துக்கு வடக்கு தெற்காக ஒரு கோடு பதித்தார். நண்பகலில் சூரியனின் பிம்பம் அந்தக் கோட்டைக் கடக்கும், கோடையில் துளைக்கு அருகிலும் குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடியிலும் விழும்.

அந்தப் பிம்பத்தைக் கொண்டு கசினி இன்னொன்றையும் அளந்தார். ஆண்டு முழுவதும் சூரியனின் வேகம் ஒரே சீராகத் தெரிவதில்லை. தூரம் மாறுவது மட்டுமே காரணம் என்றது பழைய கணக்கு. பாதி தூரத்தாலும் பாதி உண்மையான வேக மாற்றத்தாலும் என்றார் கெப்ளர். முன்னது சரி என்றால் சூரிய வட்டத்தின் அளவு ஆண்டில் ஏறத்தாழ ஏழு சதவீதம் மாற வேண்டும், பின்னது சரி என்றால் அதில் பாதி. கசினியின் அளவீடு கெப்ளர் பக்கம் நின்றது. எது அசைகிறது, பூமியா சூரியனா என்பதை இந்த அளவீடு சொல்லாது. அதனால் தடையை மீறாமலே அதை வெளியிட முடிந்தது. ஒரே திருச்சபை வானியலுக்கு இடமும் பணமும் தந்தது, ஒரு முடிவை மட்டும் சொல்லாதே என்று வாயையும் பொத்தியது. ஒற்றை முழக்கம் எதற்குள்ளும் இது அடங்காது. பூமியின் ஓட்டத்தை உண்மை என்றே பேசும், வானியல் பேராசிரியர் செத்தேலேயின் பாடநூலுக்கு அனுமதி கிடைத்தது 1820-இல்.

சரி, டார்வின் விஷயத்தில்? அங்கே மோதல் உண்மைதானே?

எந்த இடத்தில், எந்த ஆண்டில் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் டார்வினை ஆதரித்த ஹக்ஸ்லியும் மோதியதற்குச் சொல்லுக்குச் சொல் பதிவு கிடையாது. வில்பர்ஃபோர்ஸ் டார்வினின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் எழுப்பிய எதிர்ப்புகளில் பல, அன்றைய விலங்கியலாளர்களே சொன்னவை. அமெரிக்காவில் டார்வினின் முதன்மை ஆதரவாளரான தாவரவியலாளர் ஆசா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர்.

1925-இல் டென்னசி மாநிலத்தில் நடந்தது வேறு. வேதத்தின் படைப்புக் கதையை மறுத்து, மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதையே சட்டம் குற்றமாக்கியது. டேட்டன் ஊரின் ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். அபராதத்தை நீதிபதி நிர்ணயித்தது முறையல்ல என்ற நுணுக்கத்தால் 1927-இல் தீர்ப்பு ரத்தானது, சட்டமோ 1967 வரை நீடித்தது. இது நேரான மோதல். 1616-ஐப் போலவே, ஒரு சமய வாசிப்பு சட்டத்தைக் கையில் எடுத்த இடத்தில் அது வெடித்தது.

இதெல்லாம் ஐரோப்பாவின் கதை. இந்தியாவில் இந்தச் சிக்கலே இருந்ததில்லை, அல்லவா?

இருந்தது, ஆனால் வேறு வடிவில். 499-இல் ஆரியபடர், சூரியனை நிலவு மறைப்பதும் நிலவின்மேல் பூமியின் நிழல் விழுவதுமே கிரகணம் என்று தெளிவாகச் சொன்னார். 628-இல் பிரம்மகுப்தர் அதற்கு எதிராக எழுந்தார். ராகு காரணமில்லை என்றால் கிரகணத்துக்குரிய நீராடல், சடங்குகள் எல்லாம் பொருளற்றுப் போகும், வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் உலக வழக்குக்கும் அது விரோதம் என்றார். பூமி சுழல்கிறது என்ற ஆரியபடரின் கருத்தையும் மறுத்தார். அங்கே அவர் எழுப்பியது இயற்பியல் கேள்வி, அப்படிச் சுழன்றால் உயரத்தில் உள்ளவை விழாதா என்பது. பின்னாளில் ஆரியபடரின் உரையாசிரியர்களே அந்தச் செய்யுளுக்கு வேறு பொருள் சொல்லித் திருப்பினார்கள். ஆளை அழைத்து மண்டியிடச் செய்ய ரோம் போன்ற ஒரு மைய மன்றம் இங்கே இல்லை. உரை எழுதும் மரபே அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கிரகணத்தைக் கணிக்கும் முறையை அதே நூலில் பிரம்மகுப்தர் நிழலின் அளவைக் கொண்டே தருகிறார் என்பது. ஏறத்தாழ 1030-இல், இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் அல்பிரூனி இந்த முரணைக் கண்டு வியந்தார். இவ்வளவு தெரிந்தவர் இப்படி எழுதினால், சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தனக்கும் நேருமோ என்ற அச்சம்தான் காரணமாக இருக்கும் என்று ஊகித்தார். அச்சமா, உண்மையான நம்பிக்கையா என்று நம்மால் இப்போது தீர்த்துச் சொல்ல முடியாது. நூலின் இரண்டு பகுதிகளும் நம் கையில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.